டிரிகர் ஆனது, பங்கு விற்கவில்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் ஐயா. சம்பளம் 34,000. மனைவியின் நகையை வைத்து 3 லட்சம் வாங்கி, ஒரு சிறு நிறுவனத்தின் பங்கு 1,500-ஐ 198 ரூபாயில் வாங்கினேன். விலை இறங்கினால் தானாக விற்கும்படி, டிரிகர் 190, விலை 189.50 என்று ஜிடிடி-யில் ஸ்டாப் லாஸும் போட்டேன். காலாண்டு முடிவு மோசமாக வந்து, மறுநாள் 176-ல் திறந்தது. டிரிகர் ஆனதாக மெசேஜ் வந்ததால் விற்றுவிட்டது என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பார்த்தால் பங்கு அப்படியே இருக்கிறது, விலை 168. அடுத்த நாள் திறந்ததும் மார்க்கெட் ஆர்டர் போட்டேன். திரையில் 164 காட்டியது, கிடைத்த சராசரி 159.69. நஷ்டம் 13,000-ஐத் தாண்டாது என்று கணக்குப் போட்டவன் 57,000 இழந்து நிற்கிறேன். புரோக்கர் மேல் புகார் கொடுக்கலாமா? மீதிப் பணத்தை ஆப்ஷனில் போட்டு, ஸ்டாப் லாஸ் வைத்து மீட்டுவிடலாம் என்கிறார் மச்சான். அதற்கு என்னிடம் ஒரு லட்சம் கேட்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: புகார் நிற்காது. நீங்கள் போட்ட இரண்டு ஆர்டர்களும் நீங்கள் சொன்னதையே செய்திருக்கின்றன. சொன்னது என்ன என்பதுதான் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

முதல் நாளை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஜிடிடி-யில் இரண்டு எண்கள் இருந்தன. 190 என்பது எழுப்பும் மணி, அவ்வளவுதான். விலை 190-க்கோ அதற்குக் கீழேயோ வந்தால், புரோக்கரின் கணினி விழித்துக்கொண்டு உங்கள் பெயரில் ஒரு லிமிட் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும். அந்த ஆர்டர் சந்தையிடம் சொல்வது இது: '1,500 பங்கு விற்கிறேன், 189.50-க்குக் குறைந்து ஒரு பைசாவுக்கும் தர மாட்டேன்.' அப்போது வாங்க நின்றவர்கள் எல்லோரும் 176-லும் அதற்குக் கீழேயும் நின்றார்கள். உங்கள் ஆர்டர் அவர்களுக்குப் பதிமூன்று ரூபாய் மேலே, நாள் முழுக்க ஆள் வராமல் காத்திருந்து 3.30-க்குச் செத்துப்போனது.

190-லிருந்து விலை படிப்படியாக இறங்கும், இறங்கும் வழியில் 189.50-ல் நம் பங்கு கைமாறிவிடும் என்று நினைத்தீர்கள். வியாபார நேரத்தில் பெரும்பாலும் அப்படி நடக்கும்தான். ஆனால் மோசமான செய்தி வருவது ராத்திரியில். காலை 9 மணிக்கு ப்ரீ ஓபனில் எல்லோருடைய ஆர்டரையும் சேர்த்து வைத்து, எந்த விலையில் அதிகப் பங்கு கைமாறுமோ அந்த ஒரே விலையில் சந்தையைத் திறக்கிறார்கள். முந்தைய நாள் 196-ல் முடிந்த பங்கு நேராக 176-ல் திறந்தது. நடுவில் 190 என்ற விலையே வரவில்லை. இல்லாத விலையில் யாராலும் விற்றுத் தர முடியாது.

அந்த மெசேஜும் உங்களை ஏமாற்றிவிட்டது. டிரிகர் ஆனது என்றால் ஆர்டர் கிளம்பிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். விற்றதா என்று தெரிய ஆர்டர் புக்கைத் திறந்து பார்க்க வேண்டும். `OPEN` என்று இருந்தால் இன்னும் காத்திருக்கிறது. `COMPLETE` என்று இருந்தால்தான் பங்கு கைவிட்டுப் போயிருக்கிறது. அன்று 9.20-க்குப் பார்த்திருந்தால், 176-க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு விலைக்கு வெளியே வந்திருக்க வாய்ப்பு இருந்தது.

சரி, 189.50-க்குப் பதில் என்ன போட்டிருக்கலாம்? டிரிகர் 190, விலை 170 என்று போட்டிருக்கலாம். '170 என்று எழுதினால் 170-க்கே விற்றுவிடுமே' என்ற பயம் புதியவர்கள் எல்லோருக்கும் உண்டு. லிமிட் விலை விற்பவருக்குக் கீழ் எல்லை மட்டும்தான். 176-ல் வாங்க ஆள் இருந்தால் முதலில் 176-தான் கிடைக்கும், அவர்கள் தீர்ந்தபின் அடுத்த விலை, அப்படியே 170 வரை. உங்களுக்குச் சராசரியாக 174 கிடைத்திருக்கும் என்று வையுங்கள். பங்குக்கு 24 ரூபாய் நஷ்டம், 1,500-க்கு 36,000. இந்த 36,000-ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன். எவ்வளவு கீழே வேண்டுமானாலும் எழுதவும் முடியாது. அந்தப் பங்குக்கு அன்றைய கீழ்ச் சுற்று, அதாவது அன்று அது இறங்க முடிந்த கடைசி விலை, எது என்று பார்க்க வேண்டும். அதற்கும் கீழே எழுதினால் ஆர்டரே நிராகரிக்கப்படும்.

இதே குழப்பத்தில் இன்னொரு வகையினரும் மாட்டுகிறார்கள். விலை 198-ல் இருக்கும்போது, ஸ்டாப் லாஸ் என்று நினைத்து டிரிகர் இல்லாமல் 190-க்குச் சாதாரண லிமிட் விற்பனை ஆர்டர் போடுவார்கள். அது அந்த நொடியே 198-க்கு விற்றுவிடும். '190-க்கு வந்தால் விற்கச் சொன்னேன், இப்போதே விற்றுவிட்டதே' என்று எனக்குக் கடிதம் வரும்.

இனி இரண்டாம் நாள். திரையில் தெரியும் 164 என்பது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை. அது பத்துப் பங்கு கைமாறிய வியாபாரமாகவும் இருக்கலாம். உங்கள் 1,500 பங்கையும் அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதை, எந்த விலைக்கு எத்தனை பங்கு கேட்டு நிற்கிறார்கள் என்று காட்டும் மார்க்கெட் டெப்த்தில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய காண்ட்ராக்ட் நோட்டில் உங்கள் ஆர்டர் எப்படித் துண்டுதுண்டாக விற்றது என்று இருக்கிறது. 164-ல் 120 பங்கு, 163.50-ல் 200, 162-ல் 80, 160-ல் 500, கடைசி 600 பங்கு 157-ல். மொத்தம் 2,39,540 ரூபாய். 'என்ன விலையானாலும் பரவாயில்லை, இப்போதே விற்றுக்கொடு' என்பதுதான் மார்க்கெட் ஆர்டர். அது ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் பங்கு விற்கும் வரை நிற்கவில்லை.

பெரிய நிறுவனப் பங்குகளில் ஒவ்வொரு படியிலும் ஆயிரக்கணக்கில் ஆள் நிற்பதால் இது ஐந்து, பத்துப் பைசாவோடு போய்விடும். சிறு நிறுவனப் பங்கில், அதுவும் 9.15-க்குப் படிகளில் ஆள் குறைவு. 160 என்று லிமிட் போட்டிருந்தால் 900 பங்கு சராசரி 161.49-க்கு விற்றிருக்கும், 600 கையில் நின்றிருக்கும். அந்த 600-க்கு அப்புறம் நல்ல விலை வந்திருக்குமா, இன்னும் இறங்கியிருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முடிவு உங்கள் கையில் இருந்திருக்கும்.

இரண்டு நாளும் சேர்ந்து ஒரு பாடம் நடத்திவிட்டன என்று நீங்கள் நினைக்கலாம். ஆர்டரைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டால் போதும் என்றும் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 36,000-க்கு வாருங்கள். ஸ்டாப் லாஸை மிகச் சரியாகப் போட்டிருந்தாலும், நீங்கள் நினைத்ததைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நஷ்டம் வந்திருக்கும். தவறு அதற்கும் முன்னாலேயே நடந்துவிட்டது. பங்குக்கு எட்டரை ரூபாய்தான் ஆபத்து, 1,500 வாங்கினாலும் 12,750-தான் போகும், அதனால் நகையை வைக்கலாம் என்று முடிவு செய்தீர்கள் பாருங்கள், அந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுத்தது. எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதை ஸ்டாப் லாஸை வைத்துத் தீர்மானித்திருக்கிறீர்கள். அது விலைக்கு உத்தரவாதம் தராது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

இப்படிப்பட்ட பங்கு ஒரே ராத்திரியில் 20 சதவீதம் விழலாம் என்று வைத்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். 12,000 வரை போனால் தாங்குவேன் என்றால் 60,000 ரூபாய்க்கு வாங்கலாம், அதாவது 300 பங்கு. அதுவும் சேமிப்பிலிருந்து. 1,500 பங்குக்கு அந்த 20 சதவீதம் 59,400 ஆகிறது. உங்களுக்குப் போனதும் ஏறத்தாழ அதுதான்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். ஆப்ஷனில் ஸ்டாப் லாஸ் இதைவிடப் பலவீனமானது. 2021 ஆகஸ்ட் 20 அன்று நூற்றுச் சொச்சம் ரூபாயில் இருந்த நிஃப்டி 16450 கால் ஆப்ஷன் திடீரென 800 ரூபாயைத் தாண்டி, உடனே பழைய இடத்துக்குத் திரும்பியது. அதை விற்றுவிட்டு, விலை ஏறினால் திருப்பி வாங்க, டிரிகர் ஆனதும் என்ன விலையானாலும் வாங்கிவிடும் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்த பலருக்கு, பாதுகாப்புக்குப் போட்ட ஆர்டரே பெரிய நஷ்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே ஆப்ஷன்களில் அந்த ஆர்டர் வகையை என்எஸ்இ நிறுத்திவிட்டது. இப்போது அங்கே கிடைப்பது உங்களைக் கைவிட்ட அதே வகைதான், டிரிகரும் லிமிட்டும் சேர்ந்தது. உங்கள் பங்கு 10 சதவீதம் விழ ஒரு மோசமான காலாண்டு முடிவு தேவைப்பட்டது. ஆப்ஷனின் விலையான பிரீமியத்துக்கு ஐந்து நிமிடம் போதும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. ஆப்ஷன் வகுப்பு நடத்துபவர்கள் இந்த எண்ணைப் பலகையில் எழுதி நான் பார்த்ததில்லை.

மச்சானுக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே இல்லை, டிரேடிங் கணக்கில் கிடப்பது நகையின் பணம். அந்த 2,39,000-ஐ இந்த வாரமே வங்கிக் கணக்குக்கு மாற்றி நகைக்கடனில் கட்டுங்கள். அசல் ஏறத்தாழ 61,000-ஆகக் குறையும். மாதம் 1 சதவீத வட்டி என்றால், 3,000 கட்டிக்கொண்டிருந்தவர் 610 கட்டினால் போதும். சம்பளத்திலிருந்து மாதம் 6,000 ஒதுக்கினால் பதினோரு மாதத்தில் கடன் முடியும். பகுதி அசலைக் கட்டும்போதே அதற்கேற்ற நகையைத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் தருகிறார்கள். தருவதாக இருந்தால் மனைவி எதை முதலில் கேட்கிறாரோ அதை மீட்டு வாருங்கள்.

இன்னொன்று, 57,000 குறுகிய கால மூலதன நஷ்டம். வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்து அதில் காட்டினால், எட்டு ஆண்டுகள் வரை பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையே என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். காண்ட்ராக்ட் நோட்டுகளையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.