120-இலிருந்து 22-ஐக் கழித்தது எங்கே தவறு?

கேள்வி: Qd = 120 − 4P, Qs = 2P − 12 என்று கணக்கு. சமநிலை விலை 22, அளவு 32 என்று கண்டுபிடித்துவிட்டேன். நுகர்வோர் உபரிக்கு ½ × (120 − 22) × 32 போட்டால் 1568 வருகிறது, விடைப் பக்கத்தில் 128 என்று இருக்கிறது. உற்பத்தியாளர் உபரியும் எனக்கு 544, அங்கே 256. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: சமநிலை வரை நீங்கள் செய்தது சரி. முக்கோணத்தின் உயரத்தை எடுத்த இடத்தில்தான் சறுக்கல். 120 என்பது விலை அல்ல, அளவு. பொருள் சும்மா கிடைத்தால் (P = 0) மக்கள் 120 அலகு எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் அந்த எண் சொல்கிறது. அதிலிருந்து 22 என்ற விலையைக் கழிப்பது கிலோவிலிருந்து ரூபாயைக் கழிப்பது மாதிரி. உற்பத்தியாளர் பக்கத்திலும் இதே கதைதான். −12 ஓர் அளவு, அதை விலையாக நினைத்து 22 + 12 = 34 என்று உயரம் எடுத்ததால்தான் 544 வந்தது.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. பொருளாதாரப் படத்தில் விலை செங்குத்து அச்சில் இருக்கும், அளவு கிடை அச்சில். ஆனால் உங்களுக்குக் கொடுத்த சமன்பாடுகள் அளவை விலையின் சார்பாகச் சொல்கின்றன. கணக்கு வகுப்புப் பழக்கத்தில், தனியாக நிற்கும் எண்தான் செங்குத்து அச்சை வெட்டும் இடம் என்று கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது. இங்கே அது கிடை அச்சை வெட்டும் இடம்.

அதனால் முதலில் இரண்டு சமன்பாடுகளையும் P = … என்று திருப்பி எழுதிவிடுங்கள்:

P = 30 − Q/4 (தேவை)
P = 6 + Q/2 (அளிப்பு)

இப்போது படம் தெளிவாகிறது. விலை 30-ஐத் தொட்டால் யாருமே வாங்க மாட்டார்கள். 6-க்குக் கீழே போனால் யாருமே விற்க மாட்டார்கள். நுகர்வோர் உபரி என்பது தேவைக் கோட்டுக்குக் கீழே, விலை 22-க்கு மேலே உள்ள முக்கோணம். அதன் உயரம் 30 − 22 = 8, அடிப்பக்கம் 32. ஆக ½ × 8 × 32 = 128. உற்பத்தியாளர் உபரி விலைக்குக் கீழே, அளிப்புக் கோட்டுக்கு மேலே உள்ளது. உயரம் 22 − 6 = 16, அடிப்பக்கம் அதே 32. ½ × 16 × 32 = 256.

விடைப் பக்கம் இல்லாமலே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சமநிலை அளவை வர்க்கப்படுத்தி, Q சமன்பாட்டில் P-க்கு முன்னால் இருக்கும் எண்ணின் (குறியை விட்டுவிட்டு) இருமடங்கால் வகுங்கள். தேவைக்கு 1024 ÷ 8 = 128. அளிப்புக்கு 1024 ÷ 4 = 256. வெட்டுப்புள்ளியே தேவைப்படாததால், உங்களுக்கு வந்த மாதிரியான பிழை இதில் நுழையவே முடியாது. நான் விடைத்தாள் திருத்தும்போது முதலில் இதைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

ஆனால் இது ஓர் இடத்தில் காலை வாரிவிடும், முக்கோணமும் கூடவே. அளிப்பு Qs = 2P + 12 என்று கொடுத்திருந்தால்? சமநிலையில் விலை 18, அளவு 48. நுகர்வோர் உபரி ½ × (30 − 18) × 48 = 288, அதில் சிக்கல் இல்லை. அளிப்பைத் திருப்பி எழுதினால் P = −6 + Q/2. கோடு விலை அச்சை −6-இல் வெட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ½ × 24 × 48 போட்டால் 576. மேலே சொன்ன குறுக்குவழியும் 2304 ÷ 4 = 576 என்றே தலையாட்டும்.

உண்மையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை. விலை பூஜ்யமாக இருக்கும்போதே 12 அலகு சந்தைக்கு வருகிறது என்றுதான் இந்தச் சமன்பாடு சொல்கிறது. பூஜ்யக் கோட்டுக்குக் கீழே தொங்கும் சின்ன முக்கோணம் ½ × 6 × 12 = 36. அதை வெட்டி எறிந்தால் 540. மிஞ்சும் உருவம் முக்கோணம் அல்ல, சரிவகம். இணைப் பக்கங்கள் 12, 48, உயரம் 18. (12 + 48) ÷ 2 × 18 போட்டாலும் அதே 540 வரும். Qs சமன்பாட்டில் தனியாக நிற்கும் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால், பேனாவை எடுக்கும் முன்பே சரிவகத்தை வரைந்துவிடுங்கள்.