முயல் குறட்டை: தனியாளாக நடத்த ஒரு பொம்மை நாடக ஸ்கிரிப்ட்

கேள்வி: 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு நான் ஒருத்தியே கைப்பொம்மை நாடகம் போட வேண்டும். மேடைக் குறிப்பு எளிதாக இருக்கணும், குழந்தைகள் கூடவே சொல்கிற மாதிரி வரி வரணும், சத்தங்களும் வேண்டும். ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

பதில்:

கதையை யோசிப்பதற்கு முன்னால் உங்கள் கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டுதான் இருக்கிறது. நான் முதன்முதலில் எழுதிய நாடகத்தில் ஒரே காட்சியில் நான்கு மிருகங்கள் பேசிக்கொண்டன. காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் ஒரு பொம்மையைப் பல்லில் கடித்துக்கொண்டு இன்னொன்றைத் தேடினேன். முன்னால் குழந்தைகள் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. கதாநாயகப் பொம்மை வலது கையில் கடைசி வரை இருக்கும், கழற்றுவதே இல்லை. மற்ற பொம்மைகள் இடது கையில் ஒவ்வொன்றாக வந்து போகும். இடது கையில் பொம்மை மாற்ற எனக்குப் பத்து விநாடியாவது வேண்டும். அந்தப் பத்து விநாடியில்தான் திரும்பத் திரும்ப வரும் வரியை வைக்கிறேன். குழந்தைகள் அதைச் சேர்ந்து சொல்லும்போது மேடையில் முயல் மட்டும் இருந்தால் போதும், கீழே என் இடது கை தன் வேலையைப் பார்க்கும். அந்த வரி குழந்தைகளுக்காக என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதிக்குப் பாதி அது எனக்காக.

பொம்மை மாற்றுவதற்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. ஒவ்வொரு பொம்மையின் அடி விளிம்பிலும் திரைச்சீலை வளையம் ஒன்றைத் தைத்து, மேடைக்குப் பின்பக்கம் கொக்கிகளில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கை நுழைக்கும் பக்கம் மேலே பார்த்திருப்பதால் கையை அப்படியே உள்ளே விட்டு எடுத்துவிடலாம். கழற்றும்போது விளிம்பை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கையை உருவினால் வந்துவிடும். கொக்கிகளுக்கு 1, 2, 3 என்று எண் ஒட்டி, அதே எண்ணை ஸ்கிரிப்டிலும் எழுதுங்கள்.

நான் நடத்தும் ஸ்கிரிப்டையே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தைகளோடு நடத்தினால் ஏழு, எட்டு நிமிடம் ஆகிறது. இந்த வயதுக்கு அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

முயல் குறட்டை

வலது கை: முயல். இடது கை: தவளை (கொக்கி 1), சேவல் (கொக்கி 2), யானைத் தும்பிக்கை (கொக்கி 3, முழங்கை வரை வரும் சாம்பல் நிறக் காலுறை).
சத்தம்: குறட்டை வாயால். கதவு தட்டுவது குதிகாலால், அட்டைப்பெட்டி மேல்.

*(முயல் படியேறுவது போல மூன்று அசைவில் மேலே வருகிறது. குழந்தைகளைப் பார்க்கிறது. கொட்டாவி.)*

முயல்: ஆஆ…வ்! எனக்குத் தூக்கம் தூக்கமா வருது. காதை மடிச்சாத்தான் நான் தூங்குவேன். நீங்களும் மடிக்கிறீங்களா?

முயல்: ஒரு காது மடிச்சாச்சு! *(இடப்பக்கம் சாய்கிறது)*
ரெண்டு காது மடிச்சாச்சு! *(வலப்பக்கம் சாய்கிறது)*
முயலுக்குத் தூக்கம் வந்தாச்சு! *(விளிம்பில் மல்லாந்து படுக்கிறது)*

சத்தம்: கொர்ர்ர்… புஸ்ஸ்ஸ். *(இரண்டு முறை, சின்னதாக. இடது கை: கொக்கி 1)*
சத்தம்: டொக் டொக் டொக். *(நிறுத்து. மனதுக்குள் 1, 2)*

முயல்: *(துள்ளி எழுந்து)* யாரது? யாரது?

*(தவளை மேலே வருகிறது.)*

தவளை: நான்தான் தவளை. தூங்கவே முடியல. கொர்ர்ர்னு ஏதோ சத்தம் கேக்குது!

முயல்: சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே! *(குழந்தைகள் பக்கம் திரும்புகிறது. 1, 2, 3)* உங்களுக்குக் கேட்டுச்சா?

*(“நீதான்!” என்று கத்தினால்)*
முயல்: என்னது? காதை மடிச்சு வெச்சிருக்கேன், சரியாக் கேக்கலையே!

தவளை: சரி, நான் போய் மறுபடி படுத்துப் பாக்கிறேன். *(படியிறங்குவது போல மறைகிறது)*

*(முயல் மறுபடியும் அதே காது பாட்டு. இடது கை: கொக்கி 2. குறட்டை, கொஞ்சம் பெரிதாக. டொக் டொக் டொக்.)*

முயல்: யாரது? யாரது?

சேவல்: நான்தான் சேவல். காலையில நான் கூவணும். ராத்திரி தூங்காட்டி எப்படிக் கூவுறது? கொர்ர்ர்னு ஏதோ சத்தம் கேக்குது!

முயல்: சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே! *(1, 2, 3)* உங்களுக்குக் கேட்டுச்சா?

*(சேவல் இறங்குகிறது. காது பாட்டு. இடது கை: கொக்கி 3. குறட்டை, இன்னும் பெரிதாக.)*

சத்தம்: தொம்… தொம்… தொம். *(குழந்தைகள் தொடையில் தட்டுகிறார்கள்)*

முயல்: யாரது? யாரது?

*(பக்கவாட்டிலிருந்து தும்பிக்கை மட்டும் நீள்கிறது.)*

யானை: நான்தான் யானை. உள்ள வர இடமில்ல, தும்பிக்கையை மட்டும் விட்டிருக்கேன். கொர்ர்ர்னு ஏதோ சத்தம் கேக்குது!

முயல்: சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!

யானை: நீ தூங்கு. யாருன்னு நான் முழிச்சிருந்து பாக்கிறேன்.

*(காது பாட்டு. குறட்டை. தும்பிக்கை இங்கும் அங்கும் தேடி, முயல் மேல் வந்து நிற்கிறது.)*

யானை: *(ரகசியமாக)* யாரு?
குழந்தைகள்: முயல்!
யானை: முயலே, எழுந்திரு! காதை நிமிர்த்திக் கேளு. பிள்ளைங்களா, யாரு குறட்டை விட்டது?
முயல்: *(குழந்தைகளைப் பார்த்து)* யாரு?
குழந்தைகள்: நீதான்!
முயல்: நானா? *(இடப்பக்கம் பார்த்து)* நானா? *(வலப்பக்கம் பார்த்து)* நானா?
யானை: மல்லாந்து படுக்காதே. ஒருக்களிச்சுப் படு. *(தும்பிக்கை முயலை மெதுவாகப் புரட்டுகிறது)*

*(காது பாட்டு, கிசுகிசுப்பாக. சத்தம்: ஸ்ஸ்ஸ்… மூச்சு மட்டும்.)*

யானை: அப்பாடா! இப்ப நானும் தூங்கலாம். *(தும்பிக்கை சரிகிறது)*

சத்தம்: கொர்ர்ர்ர்ர்ர்! *(திரை ஆடுகிறது)*

முயல்: *(துள்ளி எழுந்து)* யாரது? யாரது?
குழந்தைகள்: யானை!

*(இரண்டும் மூன்று அசைவில் இறங்குகின்றன. முடிந்தது.)*

இனி, இதில் ஏன் எப்படி என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

குறட்டை விடுவது யார் என்று குழந்தைகளுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், முயலுக்குத் தெரியாது. இந்த வயதில் இதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. ஆனால் தவளை வந்த உடனேயே யாராவது “நீதான்!” என்று கத்துவார்கள். அதை முயல் காதில் வாங்காமல் போனால் குழந்தைகளுக்குக் கோபம் வரும், கேட்டுக்கொண்டால் கதை முடிந்துவிடும். காது மடித்திருப்பதை நான் பாட்டில் வைத்ததே இதற்காகத்தான். “சரியாக் கேக்கலையே” என்றால் இன்னும் பலமாகக் கத்துவார்கள், கதையும் நகரும். உங்கள் கதை வேறாக இருந்தாலும், குழந்தைகள் விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொம்மை என்ன சொல்லும் என்பதை ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டை முதல் தடவை நீங்களே முழுதாகச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை “முயலுக்குத் தூக்கம்…” என்று குரலை ஏற்றி நிறுத்துங்கள், “வந்தாச்சு” அவர்களிடமிருந்து வரும். மூன்றாம் தடவை நீங்கள் வாயசைத்தால் போதும். ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். ஒருநாள் வாய்தவறி “தூக்கம் வருது” என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர் பழையதைச் சொல்ல, மீதிப் பேர் புதியதைச் சொல்ல, பாட்டு கலைந்துபோனது. ஒரு பொடியன் எழுந்து வந்து திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து என்னைத் திருத்தினான்.

சத்தங்கள் எழுதும்போது மறுபடியும் கைக்கணக்கு. இரண்டு கையும் பொம்மைக்குள் இருக்கும்போது மணியை யார் அடிப்பது? அதனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்தில் வாய், கால், குழந்தைகள் என்று மூன்றில் ஒன்றை எழுதுகிறேன். சத்தமும் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. முதலில் சத்தம், அப்புறம் இரண்டு எண்ணும் அளவு நிசப்தம், அப்புறம் பொம்மை அசையும், அதற்குப் பிறகுதான் பேச்சு. அந்த நிசப்தத்தில்தான் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அளவும் முக்கியம். குறட்டை சின்னதிலிருந்து பெரிதாக ஏறட்டும், எடுத்த எடுப்பில் உரக்க வேண்டாம். வேறொரு கதையில் நான் திடீரென்று புலி உறுமலோடு தொடங்கினேன். முன்வரிசையில் ஒரு பெண்குழந்தை அழ ஆரம்பித்து, அழுகை வரிசையாகப் பரவியது. திரையில் சின்ன ஓட்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது காதைப் பொத்தினாலோ, ஆசிரியர் மடியில் ஏறினாலோ அடுத்த சத்தத்தை அரைவாசி ஆக்கிவிடுங்கள்.

மேடைக் குறிப்பில் “பயத்துடன்”, “ஆச்சரியத்துடன்” என்று எழுதிப் பயனில்லை. பொம்மை முகம் மாறாது. கை செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள்: திரும்பு, சாய், துள்ளு, நடுங்கு, மறை. பேசும் பொம்மை மட்டும் அசையட்டும், மற்றது பேசுகிறவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கட்டும். இரண்டும் ஆடினால் யார் பேசுகிறார்கள் என்று குழந்தைகளுக்குப் புரியாது. இன்னொன்று, குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கையை நேராக நிறுத்தினால் பொம்மை அவர்கள் தலைக்கு மேலே சுவரைப் பார்க்கும். மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் மடித்தால்தான் அது அவர்களைப் பார்க்கும். கண்ணாடி முன் ஒருமுறை செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஸ்கிரிப்டை ஒரே பெரிய தாளில் எழுதித் திரையின் பின்பக்கம் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். பக்கம் திருப்பக் கை இருக்காது. பேச்சு கறுப்பிலும் சத்தம் சிவப்பிலும் இருந்தால் ஓரக்கண்ணில் பார்த்தாலே தெரியும்.

மறுநாளும் இதே கதையைத்தான் கேட்பார்கள், போடுங்கள். சலித்தால் உங்களுக்குத்தான் சலிக்கும். அப்போது சேவலை எடுத்துவிட்டு வேறு பொம்மையைச் சேர்க்கலாம். ஆனால் கொக்கி எண்ணையும் தாளில் மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். காலையில் கூவணும் என்று யானைத் தும்பிக்கை வந்து புலம்பியது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாதிகூட ஒழுங்காகப் போட்ட நாளில் கிடைத்ததில்லை.