ஒற்றைச் சொல் 'அண்ணா'வுக்கு என்ன பதில்?

கேள்வி: அடிக்கடி வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து 'அண்ணா' என்று ஒரே ஒரு சொல் வருகிறது. 'நான் உனக்கு அண்ணன் இல்லை' என்று எழுதிவிட்டு எண்ணை பிளாக் செய்துவிடுவேன். இது மரியாதைக் குறைவு என்கிறாள் என் மனைவி. மோசடிக்காரனுக்கு என்ன மரியாதை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான். முகம் தெரியாத ஒருவரை மரியாதையாக அழைக்க நம்மிடம் இருப்பவை உறவுமுறைச் சொற்கள்தான். பேருந்தில் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணா' என்று கேட்பவரிடம் 'நான் உனக்கு அண்ணன் இல்லை' என்று சொல்வீர்களா? உங்களை அப்படி அழைத்தவர் சொந்தம் கொண்டாடவில்லை. வயது தெரியாத ஒருவருக்குத் தர வேண்டிய மரியாதையைத் தந்திருக்கிறார். நீங்களோ அவரை 'உனக்கு' என்று ஒருமையில் விளித்து, அவர் வாய் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். அனுப்பியவர் மோசடிக்காரர் என்பது அந்த ஒரு சொல்லை வைத்து உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அந்த ஒரு சொல்லோடு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். வாசலில் நின்று 'அண்ணா' என்று குரல் கொடுப்பவர், உள்ளிருந்து 'யாரு? என்னப்பா?' என்று கேட்ட பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார். விளித்தவுடன் விஷயத்தைக் கொட்டினால் அது நாகரிகம் இல்லை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். எமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், காவல் துறைக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் தொடக்கங்களை ஆராய்ந்து 1968-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அழைப்பு என்பது தன்னளவில் முடிகிற பேச்சு இல்லை. அழைக்கப்பட்டவர் பதில் குரல் கொடுத்தாக வேண்டும், கொடுத்ததும் அழைத்தவர் மேலே பேசியாக வேண்டும். நேரில் இந்தக் கணக்கு இரண்டு நொடியில் தீர்ந்துவிடும். எழுத்தில் அழைப்பு மட்டும் வந்து மணிக்கணக்கில் தொங்குகிறது. உங்களுக்கு வரும் எரிச்சல் அங்கிருந்து வருகிறது. அனுப்பியவரின் கெட்ட எண்ணத்திலிருந்து வந்ததாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

ஆகவே, பதில் குரலை ஒரே வரியில் கொடுத்துவிடுங்கள். நான் எழுதும் வரி இது: 'வணக்கம். இந்த எண் என்னிடம் இல்லை. நீங்கள் யார், என்ன விஷயம் என்று எழுதுங்கள்.' இதில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. 'யாரு?' என்று மட்டும் எழுதினால் அதட்டலாகப் படும். 'சொல்லுங்க' என்று மட்டும் எழுதினால் தெரிந்தவரிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். அப்போது அவர், தான் யார் என்று சொல்லாமலே பேச்சைத் தொடர்ந்துவிட முடியும். பதிலுக்கு 'தம்பி' என்றும் எழுத மாட்டேன். எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்பதே தெரியாதபோது உறவை நாமே முடிவுசெய்ய வேண்டாம். 'நீங்கள்' போதும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பெயரை நீங்கள் ஊகித்துச் சொல்லக் கூடாது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். இப்படி நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அண்ணா' என்று வருகிறது. நீங்கள் 'யாரு, குமாரா?' என்று கேட்கிறீர்கள். 'ஆமாண்ணா, குமார்தான். பழைய போன் தண்ணில விழுந்துடுச்சு, இது புது நம்பர்' என்று வருகிறது. அந்தக் கணத்திலிருந்து அவர் உங்களுக்குக் குமார்தான். ஊர், வேலை, குடும்பம் எல்லாவற்றையும் நீங்களே உங்கள் நினைவிலிருந்து எடுத்து அவருக்குப் பொருத்திவிடுவீர்கள். நாலு வரி நலம் விசாரித்த பிறகு 'அவசரமா கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமாண்ணா, சாயங்காலம் தந்துடறேன்' என்று வரும்போது, தெரியாதவர் கேட்பதாக உங்களுக்குத் தோன்றவே தோன்றாது. அவர் செய்தது, நீங்கள் கொடுத்த பெயருக்கு 'ஆமாம்' போட்டது மட்டும்தான்.

என்னுடைய வரியை எழுதிப் பாருங்கள், இரண்டு வகை ஆட்களும் பிரிந்துவிடுவார்கள். உண்மையான காரியத்தோடு வந்தவர் அடுத்த செய்தியிலேயே பெயரையும், உங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்பதையும், தேவையையும் சொல்லிவிடுவார். 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்ணா' என்று பாதிப் பேர் தொடங்குவார்கள். மற்றவர் கேள்வியை உங்கள் பக்கமே திருப்புவார்: 'என்னைத் தெரியலையாண்ணா? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?' உறவை மறந்த குற்றவுணர்ச்சியை உங்கள் தலையில் ஏற்றி, பெயரை உங்கள் வாயிலிருந்தே வாங்கும் முயற்சி அது. (விளையாட்டாக இப்படிக் கேட்கும் உண்மையான உறவினர்களும் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஊகித்துக் கொடுக்காதீர்கள்.) 'தெரியவில்லை. பெயரைச் சொல்லுங்கள்' என்று இன்னொரு முறை கேளுங்கள். அதற்கும் பெயர் வராவிட்டால் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு பிளாக் செய்யுங்கள். அப்போது உங்களைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, உங்கள் மனைவிக்கும்.

பெயர் வந்து, அது தெரிந்தவர் பெயராகவும் இருந்து, பேச்சு பணத்துக்குப் போனால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். புது எண்ணுக்குக் கூப்பிட்டு, மோசமான இணைப்பில் கரகரக்கும் குரலைக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். பழைய எண் எடுக்கவில்லை என்றால் இருவருக்கும் தெரிந்த மூன்றாம் ஆளிடம் விசாரியுங்கள். அதுவரை பணம் நகரக் கூடாது. 'உங்க நம்பருக்குத் தப்பா ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் அனுப்புங்கண்ணா' என்று கேட்டால், மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டியதில்லை. அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கை வேறொரு போனில் திறப்பதற்கான எண்ணாக இருக்கலாம். கொடுத்துவிட்டால், நாளை உங்கள் பெயரிலேயே உங்கள் தம்பிக்கு 'அவசரம்' என்று செய்தி போகும். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு-படிச் சரிபார்ப்பு என்று ஒரு வசதி உண்டு. அதில் ரகசிய எண் ஒன்றை இன்றே வைத்துவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு இதேபோல் 'அக்கா' என்று வந்தால் என் பதில் கொஞ்சம் மாறும். பெண்களுக்கு வரும் 'அக்கா'வில் ஒரு பகுதி, விஷயமே இல்லாமல் பேச்சை வளர்ப்பதற்கானது. யார் என்று கேட்டால் ஒரு பெயர் வரும், ஆனால் காரியம் வராது. 'சாப்டீங்களாக்கா', 'போட்டோ நல்லாருக்குக்கா' என்றே ஓடும். மறுத்துப் பேசினால் 'அக்கான்னுதானே கூப்பிட்டேன், இதுல என்ன தப்பு' என்று அந்த விளியையே கேடயமாகப் பிடிப்பார்கள். காரியம் இல்லாத இரண்டாவது செய்தியோடு முடித்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்கள் மனைவிக்கு இல்லை. முதல் செய்திக்கே பதில் எழுதாமல் விட்டாலும் அது மரியாதைக் குறைவு ஆகாது. சுயவிவரப் படத்தை, தன் போனில் யாருடைய எண்களைப் பதிந்து வைத்திருக்கிறாரோ அவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிக்கொள்வது நல்லது.

நீங்கள் இதுவரை பிளாக் செய்த எண்கள் உங்கள் போனில் பட்டியலாக இருக்கும். அவற்றில் ஒற்றை 'அண்ணா'வுக்காக மட்டும் தள்ளிவைத்தவை எவை என்று நினைவிருந்தால், பிளாக்கை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியை அவர்களுக்கும் அனுப்புங்கள்.