தூளா, கொட்டையா: பொட்டலத்தைத் திறந்த பிறகு நடப்பது

கேள்வி: இந்த நாட்டுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. கடையில் காப்பி அரைத்த தூளாகவும் முழுக் கொட்டையாகவும் கிடைக்கிறது. தூள் பொட்டலத்தைத் திறந்த அன்று நன்றாக மணக்கிறது; பத்து நாளில் வெறும் கசப்புத்தான் மிஞ்சுகிறது. கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பது பலன் தருமா, வீண் வேலையா? நான் ஒருவன்தான், நாளுக்கு ஒரு கோப்பை, பால் சேர்க்காமல் குடிப்பேன்.

பதில்: கேள்வியின் கடைசி வரியில் நீங்கள் சொன்ன மூன்று செய்திகளே விடையைத் தீர்மானிக்கின்றன. ஒருவர், நாளுக்கு ஒரு கோப்பை, பால் இல்லை என்றால் கொட்டை வாங்குவதுதான் சரி. இதே கேள்வியை நால்வர் உள்ள வீட்டிலிருந்து, பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ப்பவர் ஒருவர் கேட்டிருந்தால் தூளே போதும் என்று எழுதியிருப்பேன். இங்கே வந்து நெடுங்காலம் ஆகிவிட்ட எங்களைப் போன்றவர்களின் வீடுகளிலும் இரண்டு வழக்கமும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் கொட்டையா தூளா என்று மட்டும் வாதிடுகிறார்களே தவிர, திறந்த பொட்டலம் தம் வீட்டில் எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை.

முதலில், அரைத்தால் மணம் ஏன் அவ்வளவு விரைவாகப் போகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு கொட்டையைப் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கத்துக்கு 0.8 மில்லிமீட்டர் உள்ள துகள்களாக அரைத்தால் ஆயிரம் துகள்கள் கிடைக்கும். காற்று படும் மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். நுண்ணிய அரவையில் இது இன்னும் கூடும். பரப்பு மட்டுமல்ல, வறுத்த கொட்டைக்குள் இருக்கும் நுண்ணறைகளும் அரைக்கும்போது உடைந்து திறந்துவிடுகின்றன. வறுக்கும்போது உண்டான கரியமில வாயு அந்த அறைகளுக்குள்தான் அடைபட்டிருக்கிறது. முழுக் கொட்டையிலிருந்து அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிகிறது. அரைத்த தூளிலிருந்தோ கணிசமான பங்கு சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடுகிறது. அப்படி வெளியேறும்போது எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களையும் உடன் கொண்டு போய்விடுகிறது. அரைக்கும் நேரத்தில் அறையெங்கும் பரவும் அந்த நறுமணம், கோப்பைக்கு வந்து சேராமல் போன பங்குதான்.

வறுத்த காப்பியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் இனங்காணப்பட்டுள்ளன. ஆனால் 'புதுக் காப்பி' என்று நம் மூக்கு உணர்வதில் பெரும்பங்கு மிகச் சிறிய அளவிலே உள்ள சில கந்தகச் சேர்மங்களுக்கு உரியது. அவற்றில் சில எளிதில் ஆவியாகும், சில ஆக்சிஜன் பட்டால் உருமாறும்; ஆகையால் முதலில் காணாமற் போவதும் அவையே. கசப்பைத் தரும் பொருள்களும் காஃபீனும் ஆவியாவதில்லை, அவை அங்கேயே இருக்கின்றன. 'வெறும் கசப்புத்தான் மிஞ்சுகிறது' என்று நீங்கள் எழுதியது வேதியியல் நோக்கிலும் ஏறக்குறைய அப்படியே உண்மை.

கடையில் விற்கும் தூளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அரைத்தவுடன் காற்றுப்புகாத உறையில் அடைத்தால் வெளியேறும் வாயு உறையை ஊதிப் பெருக்கச் செய்துவிடும். அதனால் செங்கல்லைப் போல் இறுகிய வெற்றிடப் பொட்டலங்களில் வரும் தூளை, வாயு பெருமளவு நீங்கும்வரை ஆறவிட்ட பிறகே அடைக்கிறார்கள். அந்த இடைவேளையிலேயே முதல் மணம் கொஞ்சம் போய்விடுகிறது. ஒருவழி வால்வு உள்ள பைகளில் இந்தக் காத்திருப்பு குறைவு, ஏனெனில் வாயு வெளியே போகலாம், காற்று உள்ளே வராது. எப்படியானாலும், அடைத்த பின் உள்ளே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதால் தூள் மாதக்கணக்கில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நீங்கள் கத்தரிக்கோலை வைக்கும் நொடியில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எனவே, உறையின் மேல் ஒரு வருடம் தள்ளி அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும். கொட்டை வாங்கும்போது நீங்கள் தேட வேண்டியது வேறொரு தேதியை, அதாவது வறுத்த தேதியை. அது அச்சிடப்படாத கொட்டைப் பொட்டலம் கடை அலமாரியில் எவ்வளவு காலம் இருந்தது என்று அறிய வழியில்லை. ஆறு மாதப் பழங்கொட்டையை வீட்டில் அரைத்து எதிர்பார்த்த மணம் வராமல் 'கொட்டையும் இப்படித்தான்' என்று முடிவு கட்டுபவர்கள் இங்கே நிறையப் பேர்.

இனி உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 15 கிராம் என்றால் 250 கிராம் பொட்டலம் 16 நாள் வரும். திறந்த தூள் முதல் நாளிலேயே சரியத் தொடங்கி, நன்றாக மூடி வைத்தாலும் ஐந்தாறு நாளில் மணம் மங்கி, பத்தாம் நாளுக்குள் தட்டையாகிவிடும். ஆக, முதல் ஐந்தாறு கோப்பை நல்ல காப்பி, மீதிப் பத்தும் கடமைக்குக் குடிக்கும் காப்பி. அதே 250 கிராமைக் கொட்டையாக வாங்கினால், வறுத்துச் சில நாள்களே ஆன கொட்டை திறந்த பிறகும் மூன்று வாரம்வரை நன்றாகவே இருக்கும் என்பதால், பதினாறு கோப்பையும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. இருவர் ஆளுக்கு இரண்டு கோப்பை குடிக்கும் வீட்டில் நாளுக்கு 60 கிராம் செலவாகும். பொட்டலம் நான்கு நாளில் காலி, தூள் கெட நேரமே கிடைக்காது. அவர்கள் அரைக்கும் கருவி வாங்குவது விருப்பம், தேவையன்று.

தூள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூக்கை மட்டும் நம்பி அறிய முயல வேண்டாம், ஏனெனில் மூடிய டப்பாவைத் திறந்தவுடன் மேலே தேங்கிய மணம் ஒருமுறை எழுந்து ஏமாற்றிவிடும். காகித வடிகட்டியில் 15 கிராம் தூளைப் போட்டு, கொதித்துச் சற்று அடங்கிய நீரை 30 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றி அரை நிமிடம் பாருங்கள். புதிய தூள் நடுவில் மேடாக உப்பும். மேற்பரப்பில் சிறு குமிழிகள் வெடித்துக்கொண்டே இருக்கும். பழைய தூள் நீரை உறிஞ்சிக்கொண்டு சேறு போலப் படிந்துவிடும், நீர் உடனே கீழே இறங்கிவிடும். இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. இது எஞ்சியிருக்கும் வாயுவைத்தான் காட்டுகிறது, சுவையை நேராகக் காட்டுவதில்லை. கருக வறுத்த கொட்டையில் வாயு அதிகம் உண்டாவதால் அது மென்வறுவலைவிடக் கூடுதலாகவே உப்பும். வறுத்த மறுநாளே அரைத்த கொட்டையோ அளவுக்கு மீறிப் பொங்கி, நீர் துகளுக்குள் சரியாகப் புகாமல் தடுத்து, சாற்றைச் சப்பென்று ஆக்கிவிடுவதும் உண்டு. வறுத்து நான்கைந்து நாள் ஆன கொட்டையே வடிகட்டும் காப்பிக்கு நல்லது. சுவையைப் பொறுத்தவரை, முதலில் மணம் போகும், பிறகு நனைந்த அட்டையை நினைவூட்டும் ஒரு சுவை வரும், கடைசியில் கொட்டையில் உள்ள எண்ணெய் சிக்கடித்த வாடை வரும். மூன்றாவது நிலை வந்துவிட்டால் குடிப்பதில் பொருளில்லை.

கொட்டை வாங்குவதன் பலனைக் கெடுப்பது பெரும்பாலும் அரைக்கும் கருவிதான். மிக்சியைப் போல் கத்தி சுழலும் மலிவான கருவி அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரே அரவையில் மாவு போன்ற பொடியும் கால் கொட்டையளவு துண்டுகளும் சேர்ந்தே வரும். பொடி தன் சாற்றை விரைவில் மிகையாக இறக்கிக் கசப்பைத் தருகிறது, பெருந்துண்டுகள் பாதியில் நின்று புளிப்பைத் தருகின்றன. நீரில் ஊறவைத்து வடிக்கும் முறையில் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். காகித வடிகட்டியில் அந்தப் பொடி அடைத்துக்கொண்டு நீர் இறங்காமல் நின்றுவிடும். என் கணிப்பில், கத்திக் கருவி மட்டுமே வாங்க முடியும் என்றால், காகித வடிகட்டி வைத்திருப்பவர் கடையிலேயே கொட்டையை நூறு கிராம் அளவில் சீராக அரைத்து வாங்கிக்கொள்வது மேல். உங்களுக்கு ஏற்றது கையால் சுற்றும் பர் கிரைண்டர். இரண்டு பல்பரப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியைத் திருகி வைத்தால் துகள் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். ஒரு கோப்பைக்குரிய 15 கிராமை அரைக்க ஓரிரு நிமிடம் ஆகும், தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். சாறு கசந்தால் திருகை ஓரிரண்டு சொடுக்கு பருமனாக்குங்கள், புளித்து நீர்த்திருந்தால் நுண்மையாக்குங்கள். கடைத்தூளில் இந்தச் சுதந்திரம் கிடையாது. மணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், எனக்கென்னவோ இதுவும் அதே அளவு பெரிய லாபம்.

கருவி வாங்கும்வரை கைவசம் உள்ள தூளையும் காப்பாற்றலாம். புதுப் பொட்டலத்தைத் திறந்த அன்றே 80 கிராமை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதியை 85 கிராம் வீதம் இரண்டு பைகளில் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி இறுக மூடி உறைபெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றும் ஐந்தாறு நாளுக்குப் போதும். எடுத்த பையை அறை வெப்பநிலைக்கு வரும்வரை, அதாவது ஓரிரு மணி நேரம், திறக்கவே கூடாது. குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்தால் செய்த வேலை அத்தனையும் பாழ். திறந்ததை மறுபடி உறையவைக்கவும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டு எதற்கும் உதவாது: தினமும் எடுத்து எடுத்து வைப்பதால் ஈரம் சேரும், பக்கத்தில் இருக்கும் உணவின் வாடையும் ஏறும்.

பால் சேர்ப்பவர்களுக்கு ஏன் வேறு விடை என்றால், பாலின் கொழுப்பும் புரதமும் மணப்பொருள்களில் பலவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, சர்க்கரை கசப்பை மூடிவிடுகிறது. வேறுபாடு இல்லாமற் போவதில்லை, ஆனால் சுருங்கிவிடுகிறது.

கருவி வாங்கிய பின் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். பற்களின் இடுக்கில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூள் தங்கும், அதன் எண்ணெய் சிக்கடித்து அடுத்த அரவையில் கலக்கும். கொட்டை புதிதாக இருந்தும் காப்பியில் பழைய எண்ணெய் வாடை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வாரம் ஒருமுறை பிரித்து உலர்ந்த தூரிகையால் துடைத்துவிடுங்கள். பற்கள் எஃகாக இருந்தால் நீரில் கழுவ வேண்டாம், துருப்பிடித்துவிடும்.