தைப்பூசத்துக்கு லீவு உண்டா? எந்தப் பட்டியலைப் பார்ப்பது?

கேள்வி: சிலாங்கூரில் தொழிற்சாலை வேலை, மாதம் 2,600 ரிங்கிட். ஊரில் என்னைச் சேர்த்துவிட்ட ஏஜெண்ட், பொங்கல், தைப்பூசம், தீபாவளி மூன்றுக்கும் மலேசியாவில் லீவு என்று ஒரு அட்டை கொடுத்தார். இப்போது மலாக்கா கிளைக்கு மாற்றுகிறார்கள். அங்கே தைப்பூசம் கிடையாதாம். உண்மையா? சரியான பட்டியல் எங்கே இருக்கிறது?

பதில்: உண்மைதான், தம்பி. மலாக்காவின் பொது விடுமுறைப் பட்டியலில் தைப்பூசம் இல்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய இடங்களில் உண்டு. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்குமே 2008இல்தான் வந்தது. தீபாவளி சரவாக் தவிர நாடு முழுக்க இருக்கிறது. பொங்கல் எந்த மாநிலத்திலும் பொது விடுமுறை இல்லை. ஆக, அந்த அட்டையில் ஒன்று பொய், ஒன்று பாதி உண்மை. அதைக் கிழித்துப் போடாதீர்கள். ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தது எதுவானாலும் பத்திரமாக வையுங்கள், என்றாவது உதவும்.

அசல் பட்டியலை மலேசியப் பிரதமர் துறையின் கீழ் உள்ள அமைச்சரவைப் பிரிவு வெளியிடுகிறது. தளம் kabinet.gov.my. அங்கே Hari Kelepasan Am என்று தேடினால் இரண்டு அட்டவணைகள் வரும். Persekutuan என்றிருப்பது நாடு முழுவதுக்கும், Negeri என்றிருப்பது மாநிலங்களுக்கு. தைப்பூசம் இரண்டாவதில்தான் இருக்கும். முதல் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு 'மலேசியாவில் தைப்பூசத்துக்கு லீவே இல்லை' என்று வாதாடுகிறவர்கள் நிறையப் பேர். தீபாவளிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி தெரிந்தால், தேதி மாறலாம் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். இவ்வளவு தமிழர்கள் உழைக்கிற நாட்டில் இந்த அட்டவணையை ஒரு பக்கம் தமிழிலும் போட்டால் என்ன குறைந்துவிடும்? போடமாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் உங்கள் ஏஜெண்ட் மாதிரி ஆட்கள் அட்டை அடித்துப் பிழைக்கிறார்கள். அரசுப் பட்டியலை 'எடுத்துத் தருகிறேன்' என்று காசு கேட்கிறவரும் உண்டு. அது இலவசம்.

இனி, பலருக்குத் தெரியாத விஷயம். அரசுப் பட்டியலில் ஒரு நாள் இருப்பதாலேயே தனியார் கம்பெனி அன்று லீவு கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி கம்பெனி வருடத்துக்கு 11 பொது விடுமுறைகள் தர வேண்டும். அதில் 5 நாட்களை மாற்ற முடியாது: தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், பேரரசர் பிறந்தநாள், அப்புறம் மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள். இதில் நம் பண்டிகை ஒன்றுகூட இல்லை, பார்த்தீர்களா? மீதி 6 நாட்களைப் பட்டியலிலிருந்து கம்பெனியே தேர்ந்தெடுக்கும். தீபாவளியும் தைப்பூசமும் அந்த ஆறுக்குள் இடம் பிடித்தால்தான் உங்களுக்கு. சிலாங்கூரிலேயே உங்கள் கம்பெனி தைப்பூசத்தை விட்டுவிட்டு வேறு நாளைத் தேர்ந்தெடுத்திருந்தால் சட்டப்படி அது தப்பில்லை.

ஆனால் அந்த ஆறு நாட்கள் எவை என்று, வருடம் பிறப்பதற்கு முன்பே, வேலை செய்யும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதுதான் உங்கள் பட்டியல். மலாக்காவுக்குப் போனதும் பஞ்ச் கார்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலோ கேண்டீன் சுவரிலோ தேடுங்கள். கிடைத்தால் தேதி தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும். வாயால் சொன்ன சூப்பர்வைசர் அடுத்த மாதமே வேறு கிளைக்குப் போயிருப்பார்.

மலாக்காவில் தைப்பூசம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. கம்பெனியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் அந்த ஆறில் ஒரு விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், சட்டமே இடம் தருகிறது. தமிழர்கள் நாலைந்து பேர் சேர்ந்து முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். முந்தின நாள் போய் நின்றால் கிடைக்காது.

கெடாவில் வேலை செய்கிற நண்பர் இருந்தால் அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். அங்கே தைப்பூசம் நிரந்தர விடுமுறை அல்ல. மாநில அரசு அந்தந்த வருடம் நினைத்தால் Cuti Peristiwa என்று தனியாக அறிவிக்கும், நினைக்காவிட்டால் இல்லை. 2021இல் நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி மாநில முதல்வரான மந்திரி பெசார் அதைக் கிடையாது என்றார், பெரிய சர்ச்சையே ஆனது. வீட்டில் கும்பிடக்கூட லீவு வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் வரவில்லை. ஆகவே கெடாக்காரர்கள் டிசம்பரில் அச்சடித்த காலண்டரை நம்பக் கூடாது, ஜனவரிச் செய்திகளைத்தான் பார்க்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகும் யார் அறிவித்தது என்று பாருங்கள். மத்திய அரசு, விடுமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அறிவித்தால் தனியார் கம்பெனியும் கட்டுப்பட வேண்டும். மாநில அரசு 9ஆம் பிரிவின்படி அறிவித்தால் தனியாருக்குக் கட்டாயமில்லை. ஒரே பண்டிகை, ஒரே ஊர், பக்கத்து அரசு அலுவலகம் பூட்டியிருக்கும், உங்கள் தொழிற்சாலை ஓடும். இந்த அழகில் இதற்குப் பெயர் பொது விடுமுறை!

சரி, பணம். பட்டியலில் உள்ள பண்டிகை நாளில் உங்களை வேலைக்கு வரச் சொன்னால், வழக்கமான சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி தர வேண்டும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுப்பது கணக்கு. 2,600ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 100 ரிங்கிட். ஆக அந்த ஒரு நாளுக்கு 200 ரிங்கிட் கூடுதலாக, அந்த மாதம் கைக்கு 2,800 வர வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இது பொருந்தாது என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள், பொருந்தும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு இந்தக் கூடுதல் கூலி கட்டாயமில்லை. பண்டிகை உங்கள் வார ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை ஆகும். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, தீபாவளி நவம்பர் 8, இரண்டுமே ஞாயிறு. உங்கள் ஓய்வு நாளும் ஞாயிறு என்றால், கம்பெனி தேர்ந்தெடுத்த பண்டிகைக்குத் திங்கள் லீவு.

உறவினர்கள் வேறு நாடுகளைப் பற்றிக் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தீபாவளி மட்டும்தான், தைப்பூசத்தை 1968இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டியல் மனிதவள அமைச்சின் mom.gov.sg தளத்தில் இருக்கிறது. மொரிஷியஸில் தைப்பூசக் காவடியும் தீபாவளியும் உண்டு. இலங்கையில் தைப்பொங்கல் எல்லோருக்கும் லீவு, தீபாவளி அரசுக்கும் வங்கிக்கும் மட்டும், கடை கம்பெனிகளுக்கு இல்லை. அங்கே பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் போட்டிருக்கும் குறிகளைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள், அவ்வளவுதான். 'பொங்கலுக்குக் கனடா லீவு விட்டது' என்று வருடா வருடம் சுற்றுகிற பார்வர்டைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு பொறி. பண்டிகைக்கு முந்தின வேலை நாளோ அடுத்த வேலை நாளோ, அனுமதி இல்லாமல், தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், பண்டிகை நாளின் சம்பளமும் போய்விடும். பத்துமலைக்குப் போய்விட்டு அலுப்பில் மறுநாளும் படுத்துவிடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கூடுதல் கூலியைக் கம்பெனி தராவிட்டால், சம்பளச் சீட்டையும் சுவர் அறிவிப்பின் படத்தையும் எடுத்துக்கொண்டு நேராகத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். நடுவில் ஆள் வைக்காதீர்கள்.