சுத்தம் செய்யச் செய்யப் பெரிதாகும் புண்

"அம்மாவின் முழங்காலுக்குக் கீழே சின்னக் கொப்புளமாக வந்தது. இரண்டே வாரத்தில் உள்ளங்கை அளவு புண்ணாகிவிட்டது, தொட விடமாட்டேன் என்கிறார். ஆன்டிபயாடிக் மாற்றிப் பார்த்தாச்சு. தியேட்டரில் வெட்டிச் சுத்தம் செய்த பிறகு இன்னும் பெரிதாகிவிட்டது. மறுபடி செய்யலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?"

அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம், முதலில் ஒரு தோல் மருத்துவர் பார்க்கட்டும். ரத்த அழுத்தம் இறங்குவது, நினைவு தடுமாறுவது, அழுத்தினால் தோலுக்கடியில் காற்று நறநறப்பது, இதெல்லாம் இருந்தால் கதை வேறு: அது உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம், அங்கே அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்படி எதுவும் இல்லையென்றால், நீங்கள் சொல்வதை வைத்துப் பயோடெர்மா கேங்ரினோசமாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் சீழ்த்தொற்று, அழுகல் என்று தோன்றும், ஆனால் இது இரண்டுமே இல்லை. கிருமியோடு போராட வேண்டிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் காரணமில்லாமல் தோலில் குவிந்து அதையே அரிக்கின்றன. இந்த நோயில் தோலில் படும் சிறு காயமே புதுப் புண்ணைக் கிளப்பிவிடும், அதனால்தான் வெட்ட வெட்டப் பெரிதாகிறது.

விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கத்தரிப்பூ நிறத்தில் சற்றே உப்பியிருக்கும், மாநிறத் தோலில் கருநீலமாகவோ சாம்பல் கலந்தோ தெரியலாம். அதன் அடியில் தோல் குடைந்து போயிருக்கும், அதாவது வெளியே தெரிவதைவிடப் புண் உள்ளே கொஞ்சம் நீண்டிருக்கும்.

விளிம்பு மட்டும் போதாது, காசநோய், பூஞ்சை, ரத்தக்குழாய் அடைப்பு, புற்றுநோய் எல்லாமே இப்படி வேஷம் போடும். அதனால் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து பயாப்சிக்கு ஒன்று, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்சருக்கு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். இந்தச் சின்ன வெட்டுக்குப் பயந்து தவிர்ப்பது தப்பு. கல்சரில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்தாலும், திறந்த புண்ணில் கிருமி குடியேறுவது சகஜம், அதுவே நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நோய் உறுதியானால் வழக்கமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்குவார்கள், எடைக்குக் கிலோவுக்கு அரை முதல் 1 மில்லிகிராம், 60 கிலோ என்றால் தினம் 30 முதல் 60 மில்லிகிராம் வரை. அதற்கு முன் சர்க்கரை, காசநோய், ஹெபடைடிஸ் பி பார்த்துவிட வேண்டும், தொற்றை ஸ்டீராய்டு கிளறிவிடும் என்பதால். மருந்து பிடித்தால் முதலில் வலி குறையும், அப்புறம் விளிம்பு தட்டையாகிப் பரவுவது நிற்கும், குழி மூட மாதங்கள் ஆகும். 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் பிரெட்னிசோலோனையும் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தையும் ஒப்பிட்டார்கள், எதைக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் முழுசாக ஆறியது. ஆகவே ஒரு மாதத்தில் மூடவில்லையே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, அம்மாவுக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோ மூட்டு வீக்கமோ உண்டா என்று கேளுங்கள். குடல் அழற்சி, முடக்குவாதம், சில ரத்த நோய்களோடு இந்தப் புண் சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கும், இருந்தால் மருந்துத் தேர்வே மாறலாம்.