போன்ற, முதலிய, உள்ளிட்ட: பட்டியல் எழுதுவோரின் கேள்விகள்

கேள்வி: "சுவாமி விபுலாநந்தர் போன்ற அறிஞர்கள் காரைதீவில் பிறந்தார்கள்" என்று என் மாணவி எழுதியிருக்கிறாள். இதைத் திருத்த வேண்டுமா? (ஆசிரியை, கல்முனை)

பதில்: திருத்துவது நல்லது. 'போன்ற' என்பது ஒப்புமையைக் குறிக்கும் சொல். எனவே அவரை ஒத்த வேறு சிலர் பிறந்தார்கள் என்றும் இவ்வாக்கியத்தைப் படிக்கலாம். 1892இல் அங்கு பிறந்தவரையே முதலில் வைத்து எண்ணுவது நோக்கமானால், 'விபுலாநந்தர் முதலிய அறிஞர்கள்' என்று எழுதச் சொல்லுங்கள். 'முதல்' என்னும் சொல்லே எண்ணிக்கை அவரிடமிருந்து தொடங்குவதைக் காட்டிவிடும். இன்றைய வழக்கில் 'போன்ற' என்பதும் அவரை உள்ளடக்கியே வழங்குகிறது என்பது உண்மைதான். ஆயினும் ஐயம் எழக்கூடிய இடத்தில் நான் அதைத் தவிர்ப்பேன்.

பட்டியல் முழுமையானதாக இருந்தால் இரண்டுமே பொருந்தா. மட்டக்களப்பு மாவட்டத்தின் தேர்தல் தொகுதிகள் மூன்றே என்பதால், "மட்டக்களப்பு, கல்குடா, பட்டிருப்பு ஆகிய தொகுதிகள்" என்பதே சரி. அங்கே 'முதலிய' என்று எழுதினால், வாசகர் இல்லாத நான்காவது தொகுதியைத் தேடுவார்.

கேள்வி: "தலைவர் உள்ளிட்ட ஐந்து பேர் வந்தனர்" என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். ஆறு பேர் என்று சிலர் வாதிடுகிறார்கள். (சங்கச் செயலாளர், களுவாஞ்சிக்குடி)

பதில்: தலைவரையும் சேர்த்து ஐந்து பேரே. ஆறு பேர் வந்திருந்தால் "தலைவரும் வேறு ஐந்து பேரும்" என்று எழுதுங்கள்.

கேள்வி: பட்டியலின் கடைசிச் சொல்லுக்குப் பின் காற்புள்ளி வருமா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: வராது. "இறால், நண்டு, போன்றவை" என்பது பிழை. "இறால், நண்டு போன்றவை" என்பதே முறை. 'போன்ற', 'முதலிய', 'ஆகிய', 'உள்ளிட்ட' ஆகிய நான்கும் தமக்கு முன்னுள்ள பெயரோடு ஒட்டி நிற்பவை. வாய்விட்டுப் படித்தால் அங்கே குரல் நிற்பதில்லை என்பதை நீங்களே உணரலாம். 'எடுத்துக்காட்டாக' என்பதோ தனித்து நிற்பது, ஆகவே அதன்பின் காற்புள்ளி இடுவது பொருந்தும்: "வாவியில் பலவகை உயிரினங்கள் பிடிபடுகின்றன. எடுத்துக்காட்டாக, இறாலையும் நண்டையும் சொல்லலாம்." இவ்வாறு தொடங்கிய பட்டியலின் இறுதியில் 'போன்றவை' என்று மீண்டும் சேர்ப்பது கூறியது கூறலாகும்.

கேள்வி: ஆங்கிலக் கடிதங்களில் 'சச் ஆஸ்' என்பதற்குப் பின் காற்புள்ளி இடலாமா? (அலுவலக உதவியாளர், அம்பாறை)

பதில்: பின்னால் காற்புள்ளியோ முக்காற்புள்ளியோ இடக்கூடாது. முன்னால் இடுவது பொருளைப் பொறுத்தது: பட்டியலை நீக்கினாலும் நீங்கள் குறிப்பிடும் தொகுதி மாறாது என்றால் இடுங்கள், எந்த வகையைச் சொல்கிறீர்கள் என்பதைப் பட்டியலே வரையறுக்கிறது என்றால் இடாதீர்கள். 'இன்குளூடிங்' என்பதற்கும் இதே சோதனை போதும். வாக்கியத்தின் நடுவில் வரும் 'ஃபோர் எக்சாம்பிள்' மட்டும் தன் இருபுறமும் காற்புள்ளியைக் கேட்கும்.